படத்தோடு ஒட்டிப்போன கருப்புப் பட்டை: ஒரு குறும்படத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இந்தப் பதிவு 38 நிமிடம் ஓடும் ஒரு குறும்படத்தைப் பற்றியது. படத்தொகுப்பும் வண்ணத் திருத்தமும் முடிந்த பிறகு, திரையரங்குக்கும் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வேண்டிய கோப்புகளைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், திரையரங்கின் ஆபரேட்டர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

படம் 16:9 வடிவில் பதிவு செய்யும் கேமராவில் எடுக்கப்பட்டது. ஆனால் இயக்குநர் விரும்பியது ஸ்கோப் வடிவம். அதாவது படத்தின் உயரம் 1 என்றால் அகலம் 2.39. ஒளிப்பதிவாளர் கேமராவின் சிறு திரையில் அதற்குரிய கோடுகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் காட்சிகளை அமைத்தார். கோட்டுக்கு மேலும் கீழும் பதிவானவை இறுதிப் படத்தில் தெரியக் கூடாது. பல காட்சிகளில் அங்கே மைக் தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தொகுப்பாளர் 1920×1080 பிக்சல் டைம்லைனில் வேலை செய்தார். 2.39 வடிவம் கிடைப்பதற்காக, எல்லாக் காட்சிகளுக்கும் மேலே ஒரு கருப்பு முகமூடிப் படத்தை வைத்தார். மேலே 138 வரிகள் கருப்பு, கீழே 138 வரிகள் கருப்பு, நடுவில் 1920×804 அளவுக்குப் படம். வசனங்களுக்கான சப்டைட்டிலைக் கீழ்ப்பட்டைக்குள் வைத்தார். எழுத்து முகத்தின் மேல் விழாது, கருப்பின் மீது வெள்ளை எழுத்து தெளிவாகத் தெரியும் என்பது அவருடைய நியாயம். பார்க்கவும் அழகாகவே இருந்தது.

இப்படி உருவான 1920×1080 கோப்பே மூலப்பிரதி ஆனது. நானும் அதை முழுவதும் பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுத்தேன். நான் பார்த்தது 16:9 வடிவ மானிட்டரில். பிழை தெரியவே தெரியாத இடம் அதுதான் என்பதைப் பிறகு விளக்குகிறேன்.

## முதல் புகார்கள்

திரையிடலுக்கு மூன்று வாரம் முன்பு, பங்கேற்ற கலைஞர்களுக்கும் சில நண்பர்களுக்கும் படத்தின் இணைப்பு அனுப்பப்பட்டது. இரண்டே நாளில் இயக்குநருக்கு வந்த செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன.

கைபேசியில் பார்த்த ஒருவர், படம் நான்கு பக்கமும் கருப்பால் சூழப்பட்டுத் தபால்தலை போலச் சிறிதாக இருக்கிறது என்றார். இன்னொருவர் அதே கைபேசி வகையில், இரண்டு விரலால் விரித்துப் பார்த்ததும் படம் பெரிதாகிவிட்டது, ஆனால் சப்டைட்டில் காணாமல் போய்விட்டது என்றார். தொலைக்காட்சியில் பார்த்தவர், மேலும் கீழும் பட்டை இருப்பது சகஜம்தான், குறை ஒன்றும் இல்லை என்றார். கையகலக் கணினியில், அதாவது 4:3 வடிவ டேப்லெட்டில் பார்த்தவருக்குப் பட்டைகள் மிகத் தடிமனாகத் தெரிந்தன. ஆனால் பக்கவாட்டில் கருப்பு இல்லை.

இயக்குநர் முதலில் இதை இணையதளத்தின் கோளாறு என்று நினைத்தார். கோப்பை மறுபடியும் ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். எதுவும் மாறவில்லை. அந்த ஒரு நாள் வீணாயிற்று. நான்கு பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், காரணம் அன்றே தெரிந்திருக்கும். நாங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் புகாராக எடுத்துக்கொண்டோம்.

## திரையரங்கில் கண்டது

அதற்குள் திரையரங்கில் சோதனை ஓட்டத்துக்கு நேரம் கிடைத்தது. அங்கே கொடுக்க வேண்டியது டிசிபி எனப்படும் டிஜிட்டல் சினிமாப் பொதி. அதில் வழக்கமாக இரண்டு சட்டங்கள் உண்டு. ஃபிளாட் என்பது 1998×1080, அதாவது 1.85 விகிதம். ஸ்கோப் என்பது 2048×858, அதாவது 2.39 விகிதம். பொதியைத் தயாரித்த உதவியாளர் கோப்பின் அளவைப் பார்த்தார். 1920×1080 என்றிருந்தது. அதற்கு நெருக்கமானது ஃபிளாட் சட்டம் என்பதால் அதில் போட்டார். அவர் கையில் இருந்த தகவலின்படி அது சரியான முடிவுதான்.

அந்த அரங்கின் திரை ஸ்கோப் வடிவில், ஏறக்குறைய 12 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் உடையது. ஃபிளாட் படம் ஓடும்போது உயரம் மாறாது. இரு பக்கத் திரைச்சீலைகளும் உள்ளே வந்து அகலத்தைக் குறைக்கும். எங்கள் படம் அந்தக் குறைந்த அகலத்துக்குள், மேலும் கீழும் பட்டைகளோடு ஓடியது. 12 மீட்டர் அகலத்துக்கு நிறைய வேண்டிய படம், ஏறக்குறைய 9 மீட்டர் அகலமும் மூன்றே முக்கால் மீட்டர் உயரமுமாகத் திரையின் நடுவில் மிதந்தது. பரப்பளவில் கணக்கிட்டால், ஸ்கோப் படமாக ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் அளவில் 55 சதவீதம்தான்.

ஆபரேட்டர் அனுபவசாலி. முதல் காட்சியைப் பார்த்ததுமே இயக்குநரிடம் கேட்டார்: “இது ஸ்கோப் படம்தானே? ஏன் ஃபிளாட்டுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்?” லென்ஸை ஜூம் செய்து பெரிதாக்க முடியுமா என்று இயக்குநர் கேட்டார். முடியும், ஆனால் உங்கள் ஒரு படத்துக்காக நினைவில் வைத்த அளவுகளை மாற்றினால் அடுத்த காட்சிக்கு எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும், அதோடு கீழ்ப்பட்டையில் இருக்கும் எழுத்து திரைக்கு வெளியே சுவரில் விழும் என்றார். அப்போதுதான் கைபேசிப் புகாரும் திரையரங்குப் பிரச்சினையும் ஒன்றே என்பது எனக்கு உறைத்தது.

## காரணத்தைப் பிரித்தறிதல்

திரையில் தெரியும் கருப்பு இரண்டு வகை. ஒன்று, சாதனம் போடுவது. படத்தின் வடிவமும் திரையின் வடிவமும் பொருந்தாதபோது, படத்தை முழுவதுமாகக் காட்டிவிட்டு மிஞ்சும் இடத்தைச் சாதனம் வெறுமையாக விடுகிறது. மற்றொன்று, கோப்புக்குள்ளேயே வரைந்து வைக்கப்பட்டது. சாதனத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகை கருப்பு அல்ல, படம். இரவுக் காட்சியின் வானத்தை எப்படிக் காட்டுமோ அப்படியே அதையும் கடமையாகக் காட்டும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, கணினியில் முழுத்திரை இல்லாமல் சிறு சாளரத்தில் படத்தை ஓடவிடுவது. ஒழுங்கான பிளேயர், சாளரத்தைப் படத்தின் வடிவத்துக்கே அமைத்துக்கொள்ளும். அப்போதும் மேலும் கீழும் கருப்பு தெரிந்தால், அது கோப்புக்குள் இருக்கிறது. எங்கள் படத்தில் தெரிந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள, கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம்.

```
ffprobe -v error -select_streams v:0 \
 -show_entries stream=width,height,display_aspect_ratio \
 -of default=nw=1 master.mov

width=1920
height=1080
display_aspect_ratio=16:9
```

தான் 16:9 படம் என்று கோப்பு அறிவிக்கிறது. உள்ளே இருப்பது 2.39 படம் என்பதை அறிய எந்தச் சாதனத்துக்கும் வழியில்லை. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புகாரையும் திரும்பப் பார்த்தோம்.

கைபேசியின் திரை 2400×1080, அதாவது 20:9. ஸ்கோப்புக்கு அது ஏறத்தாழப் பொருத்தமான திரை. ஆனால் கோப்பு தன்னை 16:9 என்று சொல்வதால், கைபேசி அதை 1920×1080 அளவில் நடுவில் வைத்து, இடமும் வலமும் 240 பிக்சல் வெறுமையாக விடுகிறது. மேலும் கீழும் எங்கள் பட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே நான்கு பக்கமும் கருப்பு.

விரலால் விரித்தவருக்கு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. விரித்ததும் கைபேசி படத்தை ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கித் திரையின் அகலத்தை நிரப்புகிறது. அப்போது உயரம் 1350 ஆகிறது. திரைக்கோ 1080 தான் உண்டு. மேலிருந்து 135 வரிகளும் கீழிருந்து 135 வரிகளும் வெளியே போகின்றன. நம் படத்துக்கு எந்தச் சேதமும் இல்லை, போனதெல்லாம் பட்டைதான். ஆனால் பெரிதான கீழ்ப்பட்டையின் உயரமே 172 வரிதான். அதில் 37 வரி மட்டும் திரையில் மிஞ்சியது. சப்டைட்டில் இருந்த இடம் வெட்டுப்பட்ட 135 வரிக்குள் போய்விட்டது. பார்வையாளர் செய்தது தவறே இல்லை. படத்தை அதன் சரியான அளவுக்கு அவர்தான் கொண்டுவந்தார். அதற்கு விலையாக வசனத்தை இழந்தார்.

டேப்லெட்டிலும் தொலைக்காட்சியிலும் பக்கவாட்டில் கருப்பு வராததற்குக் காரணம் எளிது. திரை 16:9 வடிவமாகவோ அதைவிடச் சதுரமாகவோ இருந்தால், படத்தின் அளவைத் தீர்மானிப்பது அகலம்தான். பட்டை கோப்புக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் படம் அதே அளவில்தான் வரும். 16:9 ஐவிட அகலமான திரையில்தான் வேறுபாடு வெளிப்படும். என் மானிட்டர் முதல் வகை. கைபேசியும் திரையரங்கும் இரண்டாம் வகை.

## தொலைக்காட்சியில் பட்டை ஏன் தவிர்க்க முடியாதது

இந்த இடத்தில் இயக்குநர் ஒரு கேள்வி கேட்டார். கோப்பைச் சரிசெய்தால் தொலைக்காட்சியிலும் பட்டை போய்விடுமா? போகாது. அதைப் புரியவைக்கப் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்தது.

பேசாப் படங்களின் சட்டம் 1.33, அதாவது 4:3. பேசும் படம் வந்த பிறகு, 1932இல் 1.37 என்று நிலைபெற்றது. தொலைக்காட்சி அந்த 4:3 வடிவத்தையே எடுத்துக்கொண்டது. வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்கியவர்களைத் திரும்ப வரவழைக்க, சினிமா அகலமானது. 1953இல் சினிமாஸ்கோப் வந்தது. அதிலிருந்து மாறி மாறித்தான் இன்றைய 2.39 வந்தது. 1980களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு வடிவம் தேடியபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் புழக்கத்தில் இருந்த எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவை எல்லாவற்றையும் உள்ளடக்கும் செவ்வகத்தின் விகிதமும், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான உட்செவ்வகத்தின் விகிதமும் ஏறக்குறைய 1.78 என்று வந்தன. அதுதான் 16:9.

இதன் விளைவை எண்ணில் பார்த்தால் அழகாக இருக்கிறது. 16:9 திரையில் பழைய 4:3 படத்தைப் போட்டால் திரையின் 75 சதவீதம் பயன்படும். 2.39 படத்தைப் போட்டால் 74 சதவீதம் பயன்படும். இரண்டு முனைகளுக்கும் இழப்பு ஏறத்தாழச் சமம். தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவம், பட்டை வருவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பட்டையே வேண்டாம் என்றால் வழி இரண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பக்கங்களை வெட்டினால், அகலத்தில் கால்பங்கு போய்விடும். எங்கள் படத்தில் மேசையின் இரு கோடிகளில் இருவர் உட்கார்ந்து பேசும் ஒரு காட்சி உண்டு. அதை வெட்டிக் காட்டினேன். இரண்டு தோள்களும் நடுவில் ஒரு மேசையும் தெரிந்தன. மற்றொரு வழி, மேலும் கீழும் இழுப்பது. அப்போது எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு உயரமாகிவிடுவார்கள். இயக்குநர் இரண்டையும் பார்த்துவிட்டு, தொலைக்காட்சியில் பட்டை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பட்டை இல்லாத புதிய மூலப்பிரதி. இதற்கு இரண்டு பாதைகள் இருந்தன. இருக்கும் கோப்பிலிருந்து பட்டையை வெட்டி எடுப்பது ஒன்று. டைம்லைனுக்குத் திரும்பிப் போய் முகமூடியை நீக்கிவிட்டு மறுபடியும் ரெண்டர் செய்வது மற்றொன்று.

வெட்டுவது ஒரு மணி நேர வேலை. உதவியாளர் அதைத்தான் முதலில் முயன்றார். கருப்பு எங்கே தொடங்குகிறது என்று தானாகக் கண்டுபிடிக்கும் `cropdetect=round=2` வடிகட்டியை ஓடவிட்டார். அது 1072×804 என்று சொன்னது. படத்தின் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதியை அது கருப்பு என்று தள்ளிவிட்டது. அவர் சோதித்த நிமிடத்தில் ஓடியது பழைய குடும்ப வீடியோ நாடாக் காட்சி. 4:3 வடிவக் காட்சி ஸ்கோப் சட்டத்தின் நடுவில், இரு பக்கமும் கருப்போடு வருகிறது. அந்தக் கருப்பு இயக்குநர் வேண்டுமென்றே வைத்தது. நினைவின் பகுதி குறுகலாகத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். எந்தக் கருப்பு கலை, எந்தக் கருப்பு மிச்சம் என்பதைக் கருவி பிரித்தறியாது. எண் நமக்கே தெரிந்திருக்கும்போது கருவியிடம் கேட்க வேண்டியதில்லை. வெட்டுவதாக இருந்தால் `crop=1920:804:0:138` என்று நேராகக் கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் வெட்டும் பாதையைக் கைவிட்டோம். பட்டையோடு சப்டைட்டிலும் போய்விடும், ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பை மீண்டும் சுருக்கினால் தரமும் குறையும். எனவே டைம்லைனுக்குத் திரும்பினோம். அதற்கு நான்கு நாள் ஆயிற்று. பெரும்பகுதி நேரம் எதிர்பாராத ஓரிடத்தில் போனது. டைம்லைனின் அளவை 1920×1080 இலிருந்து 1920×804 ஆக மாற்றியதும், மென்பொருள் ஒவ்வொரு 16:9 காட்சியையும் 804 உயரத்துக்குள் அடக்கிவிட்டது. மைக் தொங்கிய பகுதியெல்லாம் தெரிய, இரு பக்கமும் புதிதாகக் கருப்பு வந்துவிட்டது. அளவு பொருந்தாத காட்சியை முழுவதும் அடக்கு என்ற அமைப்பை, சட்டத்தை நிரப்பி மிஞ்சியதை வெட்டு என்று மாற்றியபோது அது சரியானது. ஆனால் படத்தொகுப்பாளர் சில காட்சிகளைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி அமைத்திருந்தார். அவை சரியான இடத்தில் வந்திருக்கின்றனவா என்று பழைய பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருந்தது. இரண்டு காட்சிகளில் மைக்கின் நுனி எட்டிப் பார்த்தது.

உயரம் ஏன் 803 அல்லாமல் 804 என்றும் சொல்லிவிடுகிறேன். 1920ஐ 2.39ஆல் வகுத்தால் 803 சொச்சம் வரும். ஆனால் வழக்கமான வீடியோச் சுருக்கத்தில் நிறத் தகவல் இரண்டிரண்டு வரிகளுக்கு ஒன்றாகச் சேமிக்கப்படுவதால், உயரம் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும்.

திரையரங்குக்கு, இந்தப் புதிய பிரதியிலிருந்து 2048×858 ஸ்கோப் பொதி. இணையத்துக்கு 1920×804 கோப்பு அப்படியே. தொலைக்காட்சி நிலையத்துக்கு மட்டும் பட்டையோடு கூடிய 1920×1080. அவர்கள் வேறு அளவை ஏற்கமாட்டார்கள், அவர்களுடைய ஒளிபரப்பும் 16:9 ஆகவே செல்கிறது என்பதால் அங்கே பட்டை வரைந்து கொடுப்பதே முறை.

## சப்டைட்டில் பற்றிய வாதம்

மிக நீண்ட பேச்சு இதில்தான் நடந்தது. பட்டை போனதும் சப்டைட்டிலுக்கு வீடு இல்லாமல் போய்விட்டது. படத்தின் மேல் எழுத்து வருவதை இயக்குநர் கடுமையாக எதிர்த்தார். முகத்தின் நெருக்கக் காட்சிகளில் தாடையின் மேல் எழுத்து விழும் என்றார். அவர் சொன்னது உண்மை.

ஆனால் ஸ்கோப் சட்டத்துக்கு வெளியே திரையரங்கில் எதுவுமே இல்லை. கீழே சுவர்தான் இருக்கிறது. எழுத்து அங்கே போக முடியாது. ஸ்கோப் வேண்டுமென்றால், எழுத்து படத்துக்குள் வந்தே ஆக வேண்டும். சமரசமாக இப்படி முடிவு செய்தோம். இணையத்துக்குச் சப்டைட்டிலைப் படத்தில் பொறிக்காமல் தனிக் கோப்பாகக் கொடுப்பது. அப்போது பார்வையாளர் விரும்பினால் அணைத்துவிடலாம். கீழே வெற்றிடம் இருக்கும் திரையில் சில பிளேயர்கள் எழுத்தைத் தாமாகவே அந்த வெற்றிடத்தில் வைக்கும். திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் படத்துக்குள், கீழ் விளிம்பை ஒட்டாமல் சற்று மேலே வைப்பது. இயக்குநர் சுட்டிய நெருக்கக் காட்சிகளில் இரண்டு வரியை ஒரு வரியாகச் சுருக்கி எழுதுவது. பதினோரு இடங்களில் அவரே உட்கார்ந்து வசனத்தைச் சுருக்கினார்.

தொலைக்காட்சிப் பிரதியில் பட்டை இருந்தும் ஏன் எழுத்தை உள்ளே வைத்தோம் என்று கேட்கலாம். ரிமோட்டில் ஜூம் அழுத்திப் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. எழுத்து பட்டைக்குள் இருந்தால், அங்கேயும் கைபேசியில் நடந்ததே நடக்கும்.

## நாடாக் காட்சிகளில் கிடைத்த இன்னொரு பிழை

ஒவ்வொரு காட்சியாக ஒப்பிட்டபோது, குடும்ப வீடியோக் காட்சிகளில் ஒன்றில் மட்டும் பக்கக் கருப்பு தடிமனாக இருப்பதைப் படத்தொகுப்பாளர் கண்டுபிடித்தார். மற்றவற்றில் ஒவ்வொரு பக்கமும் 424 பிக்சல். அதில் ஏறக்குறைய 457.

நாடாவிலிருந்து எடுத்த வீடியோ 720×576 பிக்சல். வகுத்துப் பார்த்தால் 1.25 தான் வரும், 1.33 வராது. அந்தக் காலத்து வீடியோவின் பிக்சல் சதுரம் அல்ல, சற்று அகலமானது என்பதே காரணம். கோப்பில் அதற்கென ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்து மென்பொருள் படத்தை அகலப்படுத்தும். அந்த ஒரு துண்டை யாரோ இடையில் வேறு வடிவத்துக்கு மாற்றியபோது குறிப்பு தொலைந்துவிட்டது. அதில் இருந்தவர்கள் கொஞ்சம் மெலிந்து தெரிந்தார்கள். ஆறு சதவீத மெலிவைக் கண்ணால் உணர்வது கடினம். சுவரில் ஒரு வட்டக் கடிகாரம் இருந்தது. அதை அளந்து உறுதிசெய்தோம். அது முட்டை வடிவில் இருந்தது.

## பிறகு நடந்தது

இரண்டாவது சோதனை ஓட்டத்தில் படம் திரையின் 12 மீட்டரையும் நிரப்பியது. மேசைக் காட்சியில் இருவருக்கும் இடையிலான தூரம் அப்போதுதான் தூரமாகத் தெரிந்தது. சப்டைட்டிலைப் பற்றி இயக்குநர் அதன் பிறகு பேசவில்லை.

கைபேசியில் படம் 2400×1005 ஆக விரிந்தது. மேலும் கீழும் மிஞ்சியது 37 அல்லது 38 வரிதான். பழைய கோப்போடு ஒப்பிட்டால், அதே கைபேசியில் படத்தின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். விரலால் விரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. தொலைக்காட்சியிலும் டேப்லெட்டிலும் எந்த மாற்றமும் இல்லை. எதிர்பார்த்ததும் அதுதான்.

தீராமல் போனதும் ஒன்று உண்டு. டேப்லெட்டில் குடும்ப வீடியோப் பகுதி. நாடாவின் வடிவம் 4:3, டேப்லெட்டின் வடிவமும் 4:3. ஆனாலும் அந்தக் காட்சி நான்கு பக்கமும் கருப்போடு, திரையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் ஓடுகிறது. ஸ்கோப் சட்டத்துக்குள் அடங்கிய 4:3 என்பதால் வேறு வழியில்லை. ஒரு வீடியோக் கோப்புக்கு ஒரு வடிவம்தான் இருக்க முடியும், காட்சிக்குக் காட்சி மாற முடியாது. அந்தப் பார்வையாளரிடம் இதை விளக்கினோம். அவர் புரிந்துகொண்டார். ஆனாலும் அந்த நான்கு நிமிடம் தனக்குச் சிறிதாகவே தெரிந்தது என்றார். அவர் சொல்வதில் பிழையில்லை.

ஒளிபரப்புக்குப் பின் ஒரு புகார் வந்தது. இயக்குநரின் உறவினர் வீட்டில், இரு ஓரமும் வெட்டுப்பட்டுப் படம் ஓடியதாம். நேரில் போய்ப் பார்த்தபோது, பெட்டி ஜூம் நிலையில் இருந்தது. எப்போதோ யாரோ வேறொரு நிகழ்ச்சிக்காக அழுத்தியதை யாரும் திரும்ப மாற்றவில்லை. சாதாரண நிலைக்குக் கொண்டுவந்ததும் படம் சரியானது. கோப்பில் பிழை தேடிக்கொண்டிருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

## அடுத்த முறை மாற்றுவது

கேமராவில் ஸ்கோப் கோடு வைக்கும் நாளிலேயே, டைம்லைனையும் ஸ்கோப் அளவில் தொடங்கச் சொல்வேன். முகமூடிப் படம் படத்தொகுப்பின்போது பார்த்துக்கொள்வதற்கு மட்டும் உதவும், வெளியே போகும் கோப்பில் அது இருக்கக் கூடாது. சப்டைட்டில் எங்கே உட்காரும் என்பதை ஒளிப்பதிவாளரும் படப்பிடிப்புக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். எங்கள் ஒளிப்பதிவாளர் பிறகு சொன்னார், தெரிந்திருந்தால் நெருக்கக் காட்சிகளில் கீழே இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருப்பேன் என்று.

அதோடு, ஒவ்வொரு பிரதிக்கும் முன்னால் பத்து விநாடிச் சோதனைப் படம் ஒன்றைச் சேர்த்து, எல்லாச் சாதனங்களிலும் அதை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். சாம்பல் நிறப் பின்னணி, படத்தின் நான்கு விளிம்புகளிலும் மெல்லிய வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு வட்டம். நான்கு கோடும் தெரிந்து வட்டம் வட்டமாக இருந்தால், கோப்பிலிருந்து திரை வரை எல்லாம் ஒழுங்கு. கோட்டுக்கு வெளியே இருக்கும் கருப்பு அந்தத் திரையின் மிச்சம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஏதேனும் கோடு காணவில்லை என்றால், எங்கோ ஜூம் நிலை இருக்கிறது, அல்லது விளிம்பைச் சற்று வெட்டிக் காட்டும் பழைய பழக்கத்தில் பெட்டி இருக்கிறது. வட்டம் நசுங்கியிருந்தால், யாரோ இழுத்திருக்கிறார்கள், அல்லது பிக்சல் வடிவக் குறிப்பு தொலைந்திருக்கிறது. நான்கு கோடும் தெரிந்தும் வட்டம் சரியாக இருந்தும், 20:9 கைபேசியில் ஸ்கோப் படத்துக்கு இடமும் வலமும் கருப்பு வந்தால், பட்டையோடு கூடிய பிரதி அங்கே போயிருக்கிறது.

அடுத்த படத்துக்கு இந்தச் சோதனைப் படத்தைத்தான் திரையரங்குக்கு முதலில் அனுப்பினேன். ஆபரேட்டர் தொலைபேசியில் சொன்னார்: “நான்கு கோடும் இருக்கிறது, வட்டம் வட்டமாக இருக்கிறது, படத்தை அனுப்புங்கள்.”